வீட்டுக்கு ஒரு கடிதம்: ‘ஹேவ்’ வரும் இடமும் வராத இடமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வெளிநாட்டுக்குப் படிக்கச் சென்ற ஒருவர், முதல் சில வாரங்கள் எப்படிப் போயின என்று வீட்டுக்கு எழுதுவதாக அமைந்த கடிதத்தை, பிரசென்ட் பெர்ஃபெக்ட், சிம்பிள் பாஸ்ட் ஆகிய இரண்டு காலங்களையும் பழகுவதற்கான பயிற்சியாக ஆங்கில வகுப்புகளில் தருவதுண்டு. அத்தகைய கடிதங்களைத் திருத்திக் கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருப்பதால், அவற்றை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது.

இந்த இரண்டு காலங்களுக்கும் ஏன் எப்போதும் வீட்டுக் கடிதத்தையே கொடுக்கிறார்கள்? வேறு தலைப்பே கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆன ஒருவருடைய நிலையில் இரண்டு காலங்களும் இயல்பாகவே ஒன்றாக வந்து நிற்கின்றன. அவர் விமானத்திலிருந்து இறங்கிய நாள் முடிந்துவிட்டது. அதை யாரும் மாற்ற முடியாது. அவர் அங்கே தங்கியிருப்பது முடியவில்லை. கடிதம் எழுதும் இந்த நிமிடமும் அது தொடர்கிறது. முடிந்துபோன நாளைப் பற்றிய வாக்கியங்கள் சிம்பிள் பாஸ்ட்டைக் கேட்கும். இன்றுவரை நீண்டு வரும் காலத்தைப் பற்றிய வாக்கியங்களும், இன்று கையில் இருக்கும் விளைவைச் சொல்லும் வாக்கியங்களும் பிரசென்ட் பெர்ஃபெக்ட்டைக் கேட்கும்.

சுற்றுலா போய்த் திரும்பியவர் எழுதும் கட்டுரையில் இந்த வசதி இல்லை. அங்கே எல்லாம் முடிந்த கதை என்பதால், தொடக்கம் முதல் இறுதிவரை சிம்பிள் பாஸ்ட்டே போதும். அப்படிப்பட்ட கட்டுரையில் ‘ஹேவ்’ வருகிற வாக்கியங்களை வலிந்து நுழைத்துத்தான் பழக வேண்டியிருக்கும்.

‘வந்தேன்’ என்றால் சிம்பிள் பாஸ்ட், ‘வந்திருக்கிறேன்’ என்றால் பிரசென்ட் பெர்ஃபெக்ட். இப்படி மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் போதுமா?

பாதி வழிவரை அது உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ‘ஓர் அறை கண்டுபிடித்திருக்கிறேன்’ என்பதை ‘ஐ ஹேவ் ஃபவுண்ட் எ ரூம்’ என்று எழுதலாம். ‘வெள்ளிக்கிழமை குடிபோனேன்’ என்பதை ‘ஐ மூவ்டு இன் ஆன் ஃப்ரைடே’ என்று எழுதலாம். இந்த இரண்டிலும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றுபோலவே நடக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், தமிழில் ‘இருக்கிறது’ சேர்ந்த வடிவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலையில் எழுந்து தெரு ஈரமாக இருப்பதைப் பார்த்து, ‘நேற்று இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை. அடையாளத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். ‘நேற்று இரவு’ என்ற முடிந்த நேரம் அந்த வாக்கியத்தில் இருந்தும் தமிழுக்கு எந்த உறுத்தலும் இல்லை. அதே வாக்கியத்தை ‘இட் ஹேஸ் ரெயின்டு லாஸ்ட் நைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் தவறு. ‘இட் ரெயின்டு லாஸ்ட் நைட்’ என்றோ, ஊகத்தைக் காட்ட வேண்டுமானால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்டு லாஸ்ட் நைட்’ என்றோதான் எழுத வேண்டும். ஆகவே, தமிழ் வாக்கியத்தின் வால்பகுதியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் முடிந்துபோன நேரத்தைக் காட்டும் சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நேரம் சொன்னால் சிம்பிள் பாஸ்ட் என்கிறார்கள். ஆனால் ‘டுடே’ என்பதும் நேரம்தானே? அதோடு ‘ஹேவ்’ வருகிறதே?

நேரம் சொல்லப்பட்டதா இல்லையா என்பதைவிட, அந்த நேரம் மூடிவிட்டதா, இன்னும் திறந்திருக்கிறதா என்பதே முக்கியம். ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் ஃப்ரைடே’, ‘டூ வீக்ஸ் அகோ’, ‘ஆன் த செகண்ட் டே’ ஆகியவை மூடிய நேரங்கள். இவற்றோடு சிம்பிள் பாஸ்ட்தான் வரும். ‘டுடே’, ‘திஸ் வீக்’, ‘சோ ஃபார்’ ஆகியவை, கடிதம் எழுதும் கணத்தையும் உள்ளே வைத்திருப்பவை. ஆகவே ‘ஐ ஹேவ் ரிட்டன் டூ எஸ்ஸேஸ் திஸ் வீக்’ என்பது சரி. இந்த வாரம் முடியவில்லை; மூன்றாவது கட்டுரையும் எழுதப்படலாம்.

‘திஸ் மார்னிங்’ என்ற சொல் கடிகாரத்தைப் பொறுத்து மாறும். காலை பதினொரு மணிக்கு எழுதினால் ‘ஐ ஹேவ் ஹேட் டூ கிளாசஸ் திஸ் மார்னிங்’ என்று சொல்லலாம். இரவு எழுதினால், காலை எப்போதோ மூடிவிட்டது; ‘ஐ ஹேட் டூ கிளாசஸ் திஸ் மார்னிங்’ என்று எழுத வேண்டும். கடிதத்தை மாலையில் எழுதுவதாகத் தொடங்கிவிட்டுக் காலைக்கு ‘ஹேவ்’ போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பயிற்சியில் மிகுதியானவர்கள் விழுகிற குழி வேறொன்று: ‘இன் த ஃபர்ஸ்ட் வீக்’. தங்கல் இன்னும் தொடர்கிறது என்பதால் முதல் வாரமும் திறந்திருப்பதாகத் தோன்றும். அப்படியில்லை. மூன்றாம் வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு முதல் வாரம் மூடிய பெட்டி. ‘இன் த ஃபர்ஸ்ட் வீக் ஐ காட் லாஸ்ட் ட்வைஸ்’ என்றுதான் எழுத வேண்டும். ‘முதல் வாரத்தில்’ என்பதை எடுத்துவிட்டு ‘இதுவரை’ என்று வைத்தால் ‘ஐ ஹேவ் காட் லாஸ்ட் ட்வைஸ் சோ ஃபார்’ என்று ஆகும். வழி தவறியது அதே இரண்டு முறைதான். மாறியது அதைச் சுற்றிப் போட்ட வேலி.

‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ வீக்ஸ்’ என்று முதல் வரி எழுதினேன். ஆசிரியர் முழுவதையும் அடித்துவிட்டார். என்ன தவறு?

அந்த ஒரே வரியில் தவறு இரண்டு. முதலாவது, நீங்கள் தமிழை அப்படியே பின்பற்றினீர்கள். ‘மூன்று வாரமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ‘ஆக’ என்ற உருபே, தொடங்கியது முன்பு, தொடர்வது இப்போது என்று காட்டிவிடுவதால் வினைக்கு வேறு வேலை இல்லை. ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைதான் செய்ய வேண்டும். ஆகவே ‘ஐ ஹேவ் பீன் ஹியர்’ என்று வரும்.

இரண்டாவது, ‘சின்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் தொடங்கிய புள்ளி வர வேண்டும். நீளம் வரக் கூடாது. மூன்று வாரம் என்பது நீளம், ஆகவே ‘ஃபார் த்ரீ வீக்ஸ்’. ஒன்றாம் தேதி என்பது புள்ளி, ஆகவே ‘சின்ஸ் த ஃபர்ஸ்ட்’. தமிழில் ‘மூன்று வாரமாக’, ‘ஒன்றாம் தேதியிலிருந்து’ என்று நாம் இவற்றை ஏற்கெனவே பிரித்துத்தான் சொல்கிறோம். ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’, ‘இலிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’ என்று பொருத்திப் பார்த்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்படியானால் ‘ஃபார்’ வந்தாலே ‘ஹேவ்’ போட்டுவிடலாம், அல்லவா?

கூடாது. ‘ஃபார்’ நீளத்தை மட்டுமே சொல்கிறது. அந்த நீளம் இன்றைத் தொடுகிறதா என்பதைச் சொல்வது வினையின் காலம். ஒரு மாணவர் போய்ச் சேர்ந்ததும் நான்கு இரவுகள் ஒரு விடுதியில் தங்கினார். பிறகு அறைக்கு மாறிவிட்டார். அவர் ‘ஐ ஸ்டேட் இன் எ ஹாஸ்டல் ஃபார் ஃபோர் நைட்ஸ்’ என்று எழுத வேண்டும். அதையே ‘ஐ ஹேவ் பீன் இன் எ ஹாஸ்டல் ஃபார் ஃபோர் நைட்ஸ்’ என்று எழுதினால், படிக்கும் பெற்றோர் பிள்ளை இன்னமும் விடுதியில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். அடுத்த வரியில் அறையைப் பற்றி வந்ததும் குழம்புவார்கள்.

வினையின் மூன்றாம் வடிவம் எனக்கு எப்போதும் தடுமாறுகிறது. ‘ஐ ஹேவ் வென்ட்’ என்று எழுதினால் அர்த்தம் புரியாதா?

புரியும், ஆனாலும் தவறு. ‘ஹேவ்’ என்பதற்குப் பின்னால் மூன்றாம் வடிவம் மட்டுமே வரலாம். வீட்டுக் கடிதத்தில் இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் வேறுபடும் வினைகள் அதிகம் வருவதில்லை: ‘வென்ட், கான்’, ‘சா, சீன்’, ‘ரோட், ரிட்டன்’, ‘பிகேன், பிகன்’, ‘ஏட், ஈட்டன்’. இந்த ஐந்து இணைகளைச் சரியாக வைத்துக்கொண்டால் கடிதத்தின் பெரும்பகுதி தப்பித்துவிடும். ‘ஃபவுண்ட்’, ‘மெட்’, ‘லாஸ்ட்’, ‘பாட்’ போன்றவற்றில் இரண்டு வடிவங்களும் ஒன்றே என்பதால் அங்கே கவலையில்லை.

ஒரு பத்தியில் ‘ஹேவ்’ போட்டுத் தொடங்கினால் அந்தப் பத்தி முழுவதும் அதே காலத்தில்தானே போக வேண்டும்? மாறி மாறி எழுதினால் மதிப்பெண் குறையாதா?

மாறி மாறி எழுதாவிட்டால்தான் குறையும். ஆங்கிலத்தில் செய்தி சொல்லும் முறையே அப்படி. புதிய செய்தியைக் கதவைத் திறப்பதுபோல் பிரசென்ட் பெர்ஃபெக்ட்டில் சொல்வார்கள். உள்ளே நுழைந்ததும், எப்போது, எங்கே, எப்படி என்ற விவரங்களைச் சிம்பிள் பாஸ்ட்டில் சொல்வார்கள். அடுத்த செய்திக்கு வரும்போது மறுபடியும் ‘ஹேவ்’ கதவு திறக்கும். செய்தித்தாள்களும் இப்படித்தான் எழுதுகின்றன: முதல் வரியில் ‘ஹேஸ் ரிசைன்டு’ என்று வருவது, அடுத்த வரியில் ‘ஹி ஹேண்டட் இன் ஹிஸ் லெட்டர் யெஸ்டர்டே’ என்று மாறிவிடும்.

ஒரு கடிதத்தையே எடுத்துப் பார்ப்போம். ஒரு மாணவியின் முதல் வரைவில், நான் திருத்துவதற்கு முன்பு, இப்படி இருந்தது: ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ வீக்ஸ். ஐ ஹேவ் அரைவ்டு ஆன் எ சண்டே. ஐ ஹேவ் ஃபவுண்ட் எ ரூம். ஐ ஹேவ் ஃபவுண்ட் இட் த்ரூ எ நோட்டீஸ் இன் த லைப்ரரி. ஐ ஹேவ் மூவ்டு இன் லாஸ்ட் ஃப்ரைடே. கிளாசஸ் ஸ்டார்ட்டட். ஐ டிட் நாட் மீட் மை டியூட்டர். ஐ ஹேவ் மேட் டூ ஃப்ரெண்ட்ஸ். ஐ ஹேவ் மெட் தெம் இன் எ க்யூ.’

முதல் வரியின் சிக்கலை மேலே பார்த்துவிட்டோம். இரண்டாவது வரியில் ஞாயிற்றுக்கிழமை என்ற மூடிய நாள் இருப்பதால் ‘ஐ அரைவ்டு’ என்று ஆகும். மூன்றாவது வரியைத் தொட வேண்டியதில்லை: அறை கிடைத்தது என்பது செய்தி, அது இன்றும் கையில் இருக்கிறது. நான்காவது வரி கவனிக்கத்தக்கது. அதில் நேரச் சொல் எதுவும் இல்லை. இருந்தும் ‘ஐ ஃபவுண்ட் இட்’ என்றுதான் வர வேண்டும். ஏனென்றால் செய்தியை முந்தின வரி சொல்லிவிட்டது. இந்த வரி, அந்தக் குறிப்பிட்ட நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று விவரிக்கிறது. விவரம் என்பது நடந்த அந்த நாளுக்குள் நுழைந்து பார்ப்பது. ஐந்தாவது வரியில் ‘லாஸ்ட் ஃப்ரைடே’ இருப்பதால் காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வகுப்புகள் தொடங்கியதும் ஒரு செய்தி, இன்று நடந்துகொண்டிருப்பது. ஆகவே ‘கிளாசஸ் ஹேவ் ஸ்டார்ட்டட்’. வழிகாட்டும் ஆசிரியரைச் சந்திக்காதது இன்றுவரை நீடிக்கும் நிலை. ஆகவே ‘ஐ ஹேவ் நாட் மெட் மை டியூட்டர் யெட்’. நண்பர்கள் கிடைத்தது செய்தி, அது சரியாகவே இருந்தது. வரிசையில் நின்றபோது சந்தித்தது விவரம். ஆகவே ‘ஐ மெட் தெம் இன் எ க்யூ’. ஒன்பது வரிகளில் ஏழு மாறின. அந்த மாணவி இரண்டு காலங்களின் அமைப்பையும் அறியாதவர் அல்லர். செய்தி எது, விவரம் எது என்று பிரித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

‘ஐ லாஸ்ட் மை அம்ப்ரெல்லா’, ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை அம்ப்ரெல்லா’ இரண்டும் சரி என்று சொல்கிறீர்கள். பிறகு என்ன வித்தியாசம்?

குடை இப்போது எங்கே என்பதுதான் வித்தியாசம். ‘ஐ ஹேவ் லாஸ்ட்’ என்றால் அது இன்னும் கிடைக்கவில்லை. அவர் வெளியே போனால் நனைவார். படிக்கிற அம்மா உடனே வேறு குடை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பதில் எழுதுவார். ‘ஐ லாஸ்ட்’ என்றால், தொலைந்தது என்ற நிகழ்ச்சி மட்டுமே சொல்லப்படுகிறது. பிறகு கிடைத்ததா இல்லையா என்பதை வினை சொல்லவில்லை. அடுத்த வரிக்காகக் காத்திருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பின்னாலேயே ‘பட் ஐ ஃபவுண்ட் இட் ஆன் த பஸ்’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘ஐ லாஸ்ட் மை அம்ப்ரெல்லா, பட் ஐ ஃபவுண்ட் இட் ஆன் த பஸ்’ என்பது இயல்பாக ஒலிக்கிறது. முன்பகுதியில் ‘ஹேவ்’ இருந்தால் வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது: தொலைந்தே இருக்கிறது என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, கிடைத்துவிட்டது என்று அடுத்த மூச்சில் சொல்வதாக ஆகிறது. கால் சுளுக்கியது, சாவி உடைந்தது, கணக்குத் தொடங்கியது என்று விளைவை விட்டுச்செல்லும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் இந்தச் சோதனை பயன்படும்.

‘போயிருக்கிறாள்’ என்பதற்கு ‘ஷி ஹேஸ் கான்’ என்று எழுதினால் சில நேரம் சரி என்கிறார்கள், சில நேரம் ‘பீன்’ போடச் சொல்கிறார்கள். ஏன் இந்தப் பாகுபாடு?

தமிழில் ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. ‘அறைத்தோழி எங்கே?’ என்று கேட்டால் ‘நூலகத்துக்குப் போயிருக்கிறாள்’ என்கிறோம். அவள் இப்போது இங்கே இல்லை. ‘அவள் அந்த அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறாள்’ என்றும் சொல்கிறோம். அவள் போய்த் திரும்பிவிட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும். முதலாவதற்கு ‘ஷி ஹேஸ் கான் டு த லைப்ரரி’; இரண்டாவதற்கு ‘ஷி ஹேஸ் பீன் டு த மியூசியம் ட்வைஸ்’.

உங்களைப் பற்றியே எழுதும்போது இது இன்னும் எளிது. கடிதம் எழுதுகிறவர் எழுதும் இடத்தில் இருக்கிறார். வேறெங்கோ போய் அங்கேயே இருக்க முடியாது. ஆகவே, போய்த் திரும்பிய அனுபவத்தைச் சொல்ல ‘ஐ ஹேவ் கான் டு த மியூசியம்’ என்று எழுதுவது பொருந்தாது. ‘ஐ ஹேவ் பீன் டு த மியூசியம்’ என்று எழுதுங்கள். என்றைக்குப் போனேன் என்று சேர்த்தால், ‘ஐ வென்ட் டு த மியூசியம் ஆன் சாட்டர்டே’.

தமிழில் ‘பார்க்கவில்லை’ என்று ஒரே வடிவம்தான் இருக்கிறது. அதற்கு ‘டிட் நாட்’ போடுவதா, ‘ஹேவ் நாட்’ போடுவதா என்று எப்படித் தெரியும்?

‘பார்க்கவில்லை’ என்பதற்கு முன்னால் ‘இன்னும்’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் ‘ஹேவ் நாட்’, இறுதியில் ‘யெட்’. ‘நேற்று’, ‘அன்றைக்கு’ போன்ற சொல்தான் அங்கே பொருந்தும் என்றால் ‘டிட் நாட்’. ‘இன்னும் ஆசிரியரைப் பார்க்கவில்லை’ என்பதில் வாய்ப்பு திறந்திருக்கிறது; நாளை பார்க்கலாம். ‘அன்றைக்கு அலுவலகத்தில் யாரையும் பார்க்கவில்லை’ என்பதில் அந்த நாளோடு வாய்ப்பும் போய்விட்டது: ‘ஐ டிட் நாட் சீ எனிஒன் இன் த ஆஃபீஸ் தட் டே’.

வீட்டிலிருந்து பதில் கடிதம் எழுதுவதாகப் பயிற்சி அமைந்தால் கேள்விகளிலும் இதுவே நடக்கும். ‘ஹேவ் யூ மெட் யுவர் டியூட்டர் யெட்?’ என்று தொடங்கலாம். ஆனால் ‘வென்’ என்று தொடங்கும் கேள்வி ஒரு குறிப்பிட்ட நாளைக் கேட்பதால், ‘வென் ஹேவ் யூ அரைவ்டு?’ என்று ஒருபோதும் வராது. ‘வென் டிட் யூ அரைவ்?’ மட்டுமே சரி.

இணையத்தில் பார்த்தால் ‘ஐ ஆல்ரெடி பாட் த புக்ஸ்’ என்று எழுதுகிறார்கள். எங்கள் ஆசிரியர் அதில் ‘ஹேவ்’ சேர்க்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’, ‘யெட்’ ஆகிய மூன்றோடும் சிம்பிள் பாஸ்ட் தாராளமாக வருகிறது. பிரிட்டன் வழக்கில் இந்த மூன்றோடும் பிரசென்ட் பெர்ஃபெக்ட்டையே விரும்புவார்கள். உங்கள் பாடநூலும் தேர்வும் பிரிட்டன் வழக்கைப் பின்பற்றினால் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி பாட்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. அது அமெரிக்கர்களுக்கும் தவறாகத் தெரியாது. இந்தச் சலுகையை ‘ஃபார்’, ‘சின்ஸ்’ வரை நீட்டிவிடாதீர்கள். இன்றுவரை தொடரும் நிலைக்கு அமெரிக்கர்களும் ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ வீக்ஸ்’ என்றே சொல்வார்கள்.

இதில் ஒரு சிறு கண்ணி: ‘ஜஸ்ட்’ வேறு, ‘ஜஸ்ட் நவ்’ வேறு. ‘சற்று முன்பு’ என்ற பொருளில் ‘ஜஸ்ட் நவ்’ வந்தால் அது மூடிய நேரமாகிவிடுகிறது; ‘ஐ சா ஹெர் ஜஸ்ட் நவ்’ என்று சிம்பிள் பாஸ்ட்டில் எழுதுவதே வழக்கம்.

‘லாஸ்ட் வீக்’ வந்தால் சிம்பிள் பாஸ்ட் என்று மனப்பாடம் செய்திருந்தேன். ‘இன் த லாஸ்ட் வீக் ஐ ஹேவ் ஜாயின்டு டூ கிளப்ஸ்’ என்று ஒரு மாதிரிக் கடிதத்தில் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழையில்லை. ‘லாஸ்ட் வீக்’ என்றால் போன வாரம். இந்த வாரம் பிறந்தபோதே அது மூடிவிட்டது. ‘இன் த லாஸ்ட் வீக்’ என்றால், இந்தக் கணத்திலிருந்து பின்னோக்கி எண்ணிய ஏழு நாட்கள். அதன் ஒரு முனை இன்றில் இருக்கிறது. தமிழில் ‘போன வாரம்’ என்பதற்கும் ‘கடந்த ஒரு வாரத்தில்’ என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ‘த’ என்ற ஒரு சிறு சொல் நேரத்தின் கதவைத் திறந்துவிடுகிறது. ‘ஓவர் த பாஸ்ட் த்ரீ வீக்ஸ்’ என்பதும் இதே வகை. கடிதத்தைத் தொடங்க அது நல்ல வரி.

‘சின்ஸ்’ வந்தால் ‘ஹேவ்’ என்றீர்கள். ‘ஐ ஹேவ் லேர்ன்ட் எ லாட் சின்ஸ் ஐ அரைவ்டு’ என்பதில் பின்பாதிக்கு ஏன் ‘ஹேவ்’ இல்லை?

‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைக் குறிக்கிறது என்று மேலே பார்த்தோம். இந்த வாக்கியத்தில் ஒரு தேதிக்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சி அந்தப் புள்ளியாக நிற்கிறது. வந்து இறங்கியது ஒரே நாளில் நடந்து முடிந்தது. ஆகவே ‘ஐ அரைவ்டு’. அந்தப் புள்ளியிலிருந்து இன்றுவரை நீள்வது கற்றுக்கொண்டது. ஆகவே ‘ஐ ஹேவ் லேர்ன்ட்’. இரண்டு காலங்களும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நிற்பதைக் காட்ட இதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. பயிற்சிக் கடிதத்தில் இப்படி ஒன்றாவது எழுதுங்கள்.

‘வந்திருந்தேன்’ என்ற பொருளில் ‘ஐ ஹேட் கம் ஹியர் ஆன் சண்டே’ என்று எழுதலாமா? அது இன்னும் தெளிவான கடந்தகாலம் போலத் தோன்றுகிறதே?

தோன்றுவது தமிழின் செல்வாக்கால். ‘நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். வந்து போயாயிற்று என்பதை அது காட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேட் கம்’ என்று எழுதினால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு கடந்தகால நிகழ்ச்சியைப் படிப்பவர் எதிர்பார்த்து நிற்பார். அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்: ‘வென் ஐ ரீச்டு த ஆஃபீஸ், இட் ஹேட் க்ளோஸ்டு’. நான் போய்ச் சேருவதற்கு முன்பே அலுவலகம் மூடப்பட்டிருந்தது. இல்லையென்றால் ‘ஐ கேம் ஹியர் ஆன் சண்டே’ போதும்.

‘முதல் முறையாகத் தனியாக வாழ்கிறேன்’ என்பதற்கு ‘திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஆம் லிவிங் அலோன்’ என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டார்கள். தனியாக வாழ்வது இப்போதுதானே நடக்கிறது?

நடப்பது இப்போதுதான், ஆனால் ‘முதல் முறை’ என்ற சொல் இப்போதை மட்டும் பார்ப்பதில்லை. பிறந்தது முதல் இன்றுவரை உள்ள காலம் முழுவதையும் எண்ணிப் பார்த்து, அதில் இது ஒன்றாவது என்கிறது. இன்றுவரை எண்ணுவது என்பதால் ‘திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் லிவ்டு அலோன்’ என்று வருகிறது. ‘திஸ் இஸ் த தேர்ட் லெட்டர் ஐ ஹேவ் ரிட்டன்’ என்பதும் இதே கணக்கு.

அந்த முதல் முறை ஒரு மூடிய நாளில் நடந்திருந்தால் எல்லாம் மாறிவிடும்: ‘த ஃபர்ஸ்ட் டைம் ஐ டுக் த பஸ், ஐ காட் ஆஃப் அட் த ராங் ஸ்டாப்’. முதன்முதலாகப் பேருந்தில் ஏறிய அன்று தவறான நிறுத்தத்தில் இறங்கியது முடிந்துபோன கதை. முன்னே ‘திஸ் இஸ்’ இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் எது என்று தெரிந்துவிடும்.

கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும். ‘ஐ ஹேவ் ஜஸ்ட் மூவ்டு’ என்று எழுதினால், அவர்கள் படிக்கும்போது அது பொய்யாகிவிடாதா?

ஆகாது. கடிதத்தில் ‘இப்போது’ என்பது எழுதுகிறவருடைய இப்போது. மேலே போட்ட தேதிதான் அதற்கு ஆணி. படிப்பவர்கள் அந்தத் தேதிக்குத் தங்களை நகர்த்திக்கொண்டே படிக்கிறார்கள். ஆகவே ‘ஜஸ்ட்’, ‘யெட்’, ‘திஸ் வீக்’, ‘சோ ஃபார்’ எல்லாவற்றையும் அந்தத் தேதியிலிருந்து அளந்து எழுதுங்கள்.

கவனிக்க வேண்டியது, கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நான்கு நாள் கழித்துத் தொடரும்போதுதான். முதல் பக்கத்தில் ‘ஐ ஹேவ் நாட் மெட் மை டியூட்டர் யெட்’ என்று எழுதிவிட்டு, இடையில் அவரைச் சந்தித்தும் விட்டீர்கள் என்றால், அந்த வரியை அடிக்க வேண்டியதில்லை. புதிய தேதியைப் போட்டு, ‘ஐ ஹேவ் மெட் மை டியூட்டர் நவ். வி டாக்ட் ஃபார் ஆன் அவர் ஆன் மண்டே’ என்று தொடருங்கள்.